300 பிளான் போட்டும் 94-ஐத் தாண்டல: அபார்ட்மென்ட் ஃபைபர் நிஜமாவே ஃபைபர்தானா?

மூணாவது மாடி · சனி, இரவு 9:12

வணக்கம். சேலம் அழகாபுரத்துல நாலு மாடி அபார்ட்மென்ட், மொத்தம் 16 வீடு. எங்க ஏரியா கேபிள்காரர்கிட்ட போன மாசம் 100 எம்பிபிஎஸ் பிளான்ல இருந்து 300-க்கு மாறினேன். காசு மட்டும்தான் மாறுச்சு. காலைல, ராத்திரி, எப்ப டெஸ்ட் போட்டாலும் 93, 94. ஒரு தடவைகூட 95 வந்ததில்ல.

எதிர் வரிசைல தனி வீட்டுல இருக்கிற நண்பனுக்கும் அதே ஆளுதான் கனெக்ஷன் குடுத்தார், அதே பிளான். அவனுக்கு 290-க்கு மேல வருது. அவன் வீட்டுக்குள்ள மெல்லிசா ஒரு கறுப்பு ஃபைபர் வயர் வந்து வெள்ளைப் பெட்டில ஏறுது. எனக்கு மொட்டை மாடில இருந்து சாம்பல் நிற லேன் கேபிள் ஒண்ணு ஜன்னல் வழியா வந்து நேரா ரவுட்டர்ல ஏறுது. கேட்டா "பில்டிங் வரைக்கும் ஃபைபர்தான் சார், அதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணுதான்"ங்கிறார். ஒண்ணுதானா?

வேகமானி · சனி, இரவு 9:40

ஒண்ணு இல்லைங்க, ஏமாத்துறாங்க. மாடி வரைக்கும் கண்ணாடி இழை, அங்கிருந்து செம்பு. செம்புக் கம்பில 100-க்கு மேல போகாது, அதான் 94-ல நிக்குது. சிக்னலும் ஒளி வேகத்துக்கு வராது, கேம் ஆடினா லேக் அடிக்கும். ஃபைபரை வீட்டுக்குள்ள இழுத்துக் குடுன்னு சட்டையைப் பிடிங்க. வேற வழியே கிடையாது.

நிலா சூரமங்கலம் · சனி, இரவு 10:05

எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு அண்ணா. ரவுட்டர் பேரு பின்னாடி 5ஜின்னு இருக்கும் பாருங்க, அந்த வைஃபையை செலக்ட் பண்ணுங்க. ஹால்ல உக்காந்தா 200 வருது எனக்கு.

மூணாவது மாடி · சனி, இரவு 10:11

நன்றிங்க, ஆனா நான் வைஃபைல பாக்கல. லேப்டாப்பை வயர்ல மாட்டித்தான் பாத்தேன்.

கிரிம்பிங் மாமா · ஞாயிறு, காலை 6:50

தம்பி, நீங்க எழுதினதுல ரொம்ப உபயோகமான வார்த்தை "எப்ப போட்டாலும் 94"ங்கிறதுதான். கூட்டத்தால லைன் நெருங்கினா காலைல ஒரு நம்பர் வரும், ராத்திரி வேற நம்பர் வரும். விடியக்காலைலயும் ராத்திரி ஒம்பது மணிக்கும் ஒரே 94 வருதுன்னா, வழில எங்கேயோ ரெண்டு பெட்டி தங்களுக்குள்ள 100-ன்னு பேசி முடிச்சிருக்குன்னு அர்த்தம். 100 லிங்க்ல ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால பின்னால ஒட்டுற தலைப்பு, இடைவெளி எல்லாம் கழிச்சா உங்க கைக்கு வர்றது 94 சொச்சம். இதே கணக்குல ஆயிரம் லிங்க்ல 940 வரும். அதனால 94-ஐப் பாத்தா நான் ஸ்பீடைப் பத்தி யோசிக்கவே மாட்டேன், எந்த ரெண்டு பெட்டின்னுதான் தேடுவேன்.

வேகமானி சார் சொன்னதுல ஒண்ணு சரி: அதை "ஃபைபர் கனெக்ஷன்"னு பேர் சொல்லி விக்கிறது நியாயமில்ல. மத்தது சரியில்ல. சாதாரண கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரைக்கும் ஆயிரம் எம்பிபிஎஸ் தாங்கும். மொட்டை மாடில இருந்து மூணாவது மாடிக்கு, டக்ட் வழியா வளைஞ்சு வந்தாலும் 40 மீட்டருக்குள்ளதான் இருக்கும். லேக் பத்தி: கண்ணாடிக்குள்ள ஒளியும் முழு வேகத்துல ஓடாது, மூணுல ரெண்டு பங்குதான். செம்புல சிக்னலும் கிட்டத்தட்ட அதே வேகம். 40 மீட்டர் தாண்ட ஒரு மைக்ரோ செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு ஆகும். அதை எந்த கேமும் கண்டுபிடிக்காது.

இப்ப வேலை. ரவுட்டரைக் கழட்டிட்டு மாடில இருந்து வர்ற கேபிளை நேரா லேப்டாப்ல மாட்டுங்க. விண்டோஸ்னா நெட்வொர்க் செட்டிங்ல `Link speed` பாருங்க. லினக்ஸ்னா `ethtool` போட்டு இங்க ஒட்டுங்க.

மூணாவது மாடி · ஞாயிறு, காலை 9:30

ஆபீஸ் லேப்டாப், உபுண்டு. வந்தது இது (நடுவுல சில வரி வெட்டியிருக்கேன்):

```
$ sudo ethtool enp3s0
  Supported link modes:  ... 1000baseT/Full
  Link partner advertised link modes:
      10baseT/Half 10baseT/Full
      100baseT/Half 100baseT/Full
  Speed: 100Mb/s
  Duplex: Full
```

கிரிம்பிங் மாமா · ஞாயிறு, காலை 10:15

`Link partner`னு இருக்கிறது மொட்டை மாடி ஸ்விட்ச். "எனக்கு 10 தெரியும், 100 தெரியும்"னு சொல்லுது, ஆயிரம்ங்கிற பேச்சே எடுக்கல. அங்க 1000 வந்திருந்து `Speed` மட்டும் 100-ன்னு இருந்திருந்தா, கண்ணை மூடிட்டு கேபிளைத்தான் குத்தம் சொல்லியிருப்பேன். இங்க ஸ்விட்ச் மேலதான் என் சந்தேகம். ஆனா இதை வச்சு முடிவுக்கு வந்துடாதீங்க. கேபிள் மோசமா இருந்தா சில ஸ்விட்ச் ரெண்டு மூணு தடவை ஆயிரத்துக்கு முயற்சி பண்ணிப் பாத்துட்டு, அப்புறம் அதைச் சொல்றதையே நிறுத்திக்கும். அதனால மாடி ஏறிப் பெட்டியைப் பாக்கணும். ஸ்விட்ச் முகப்புல `10/100`னு மட்டும் இருக்கா, `10/100/1000`னு இருக்கா?

கூடவே உங்க வீட்டு முனைல இருக்கிற கண்ணாடி பிளக்கை வெளிச்சத்துல பிடிச்சு, உள்ள எத்தனை கம்பி இருக்குன்னு எண்ணுங்க.

மூணாவது மாடி · ஞாயிறு, மதியம் 12:48

மாமா, ரெண்டுமே மாட்டிக்கிச்சு.

தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு இரும்புப் பெட்டி. உள்ள ஃபைபர் வந்து ஒரு வெள்ளைப் பெட்டில ஏறுது, அதுல இருந்து ஒரே ஒரு லேன் வயர் ஸ்விட்ச்சுக்கு. ஸ்விட்ச்ல 24 போர்ட், முகப்புல `10/100` மட்டும்தான்.

பிளக்ல எட்டு கம்பிக்குப் பதிலா நாலுதான் இருக்கு. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை. நீலமும் பிரவுனும் காணோம். கேபிள் போற வழியே போய்ப் பாத்தா, எங்க மாடி லேண்டிங்ல உறையைக் கிழிச்சு, காணாமப் போன அந்த நாலு கம்பியையும் இன்னொரு துண்டு கேபிளோட முறுக்கி டேப் சுத்தி, எதிர் வீட்டு ஆன்டிக்கு விட்டிருக்காங்க! மாடிலயும் ஒரே கேபிள்ல ரெண்டு பிளக் தொங்குது. நாலு வருஷமா என் கேபிள்ல பாதி அவங்களுதா?

வேகமானி · ஞாயிறு, மதியம் 1:05

நான் சொன்னேன்ல, கேபிள்தான்னு!

கிரிம்பிங் மாமா · ஞாயிறு, மாலை 4:20

சார், நீங்க சொன்னது செம்புன்னு. இங்க செம்பு குத்தவாளி இல்ல, பாதி செம்பு.

தம்பி, கோவப்படாதீங்க, இது ஊர்ப் பழக்கம். 100 லிங்க்குக்கு ரெண்டு ஜோடி போதும், பிளக்ல 1, 2, 3, 6-ஆம் பின் மட்டும்தான் வேலை செய்யும். மீதி ரெண்டு ஜோடி சும்மா கிடக்கும். எல்லாரும் 20, 30 பிளான் போட்டிருந்த காலத்துல ஒரே கேபிள்ல ரெண்டு வீட்டுக்குக் குடுத்தா ஒரு கேபிள் மிச்சம், டக்ட்ல இடமும் மிச்சம். நானே இழுத்திருக்கேன், மறைக்க என்ன இருக்கு. ஆனா ஆயிரம் லிங்க்குக்கு நாலு ஜோடியும் வேணும்.

வரிசையா யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு நீங்க எட்டு கம்பியையும் பிடுங்கி உங்க பிளக்ல அடிச்சாலும் 94-தான் வரும், ஏன்னா ஸ்விட்ச் 100. ஆன்டி வீட்டு லைனும் செத்துப் போகும். ஸ்விட்சை மட்டும் மாத்தினா நிலைமை இன்னும் மோசமாகலாம். ரெண்டு முனையும் ஆயிரத்துக்குப் பேசி ஒத்துக்கும், ஒத்துக்கிட்டு நாலு ஜோடில ஓடப் பாத்தா ரெண்டுதான் இருக்கும். நல்ல சிப்பா இருந்தா 100-க்கு இறங்கிக்கும். இல்லாட்டி லைன் வரும் போகும், வரும் போகும். அதனால ஸ்விட்ச்சும் தனி கேபிளும் ஒரே நாள்ல மாறணும்.

செம்மடுவு காப்பிக்காரன் · ஞாயிறு, மாலை 6:02

நான் ஏற்காட்டுல இருந்து. எங்க வீட்டுக்குள்ளயே ஃபைபர் வருதுங்க, அதனால எல்லாரும் நல்லா இருக்கும்னு நினைக்காதீங்க. போன மழைல ஒரு வாரம், அஞ்சு நிமிஷம் இருக்கும், அஞ்சு நிமிஷம் சிவப்பு லைட். இருக்கிறப்ப ஸ்பீடு முழுசா வருது! கஸ்டமர் கேர்ல "ஸ்பீடு டெஸ்ட் நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லி டிக்கெட்டை மூடிட்டாங்க. கடைசில லைன்மேன் பையன் வந்து மீட்டர்ல வெளிச்சத்தை அளந்து பாத்தா மைனஸ் 29 டிபிஎம். சில்வர் ஓக் கிளை ஒண்ணு வயர் மேல சாஞ்சு, கம்பத்துக்கிட்ட சுருளை இறுக்கமா வளைச்சிருந்துச்சு. கிளையை வெட்டி வளைவைத் தளர்த்தினதும் மைனஸ் 21. அதோட சரி.

கிரிம்பிங் மாமா · ஞாயிறு, இரவு 7:30

காப்பிக்காரர் சொன்ன இடம்தான் ரெண்டுக்கும் உள்ள நிஜ வித்தியாசம். வீட்டுப் பெட்டிக்கு வெளிச்சம் மைனஸ் 27 வரைக்கும் போதும்னு கணக்கு. மைனஸ் 15-லயும் அதே ஸ்பீடுதான், மைனஸ் 25-லயும் அதே ஸ்பீடுதான். எல்லையைத் தாண்டினதும் விட்டு விட்டு அறுந்து போகும். செம்புல கோளாறு வந்தா பெரும்பாலும் அறுந்து போகாம ஒரு படி கீழ இறங்கி, 100-ல சத்தமில்லாம ஓடும். யாரும் புகார் குடுக்க மாட்டாங்க. நம்ம தம்பி 300 போட்டதாலதான் இது வெளிய வந்துச்சு. எதிர் வீட்டம்மா இன்னும் நாலு வருஷம் ஆனாலும் கேட்டிருக்க மாட்டாங்க.

மூணாவது மாடி · வியாழன், இரவு 8:15

கேபிள்காரர் வந்தார். நான் போட்டோவைக் காட்டினதும் முதல்ல கொஞ்சம் முறைச்சார், அப்புறம் சரியாப் பேசினார். ஸ்விட்ச் மாத்தித் தர்றேன், கேபிள் காசு நீங்க குடுங்கன்னார். புதன் காலைல 24 போர்ட் ஆயிரம் ஸ்விட்ச் வந்துடுச்சு. கேபிள் ஆளு மட்டும் "சாயங்காலம் வர்றேன்"னு போனவர் மறுநாள்தான் வந்தார். மாமா சொன்ன மாதிரியே புதன் முழுக்க லைன் வருது போகுது. ஒரு ஆபீஸ் மீட்டிங்ல நாலு தடவை விழுந்தேன். ஆன்டி வீட்டு ரவுட்டர் பழசு, 100 மட்டும்தான் தெரியும் போல. அவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, ஜாலியா சீரியல் பாத்துட்டிருந்தாங்க.

இன்னைக்குப் புது கேபிள் இழுத்தாச்சு. அளந்து பாத்தா 36 மீட்டர். பிளேடால சுரண்டிப் பாத்தேன், உள்ளயும் செம்பு நிறம்தான். `Speed: 1000Mb/s`. மதியம் மூணு மணிக்கு டெஸ்ட்: 291. செம்புலதான்!

வேகமானி · வியாழன், இரவு 8:40

வாழ்த்துகள். 100-க்கு மேல போகாதுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். சுரண்டிப் பாத்தது எதுக்கு?

கிரிம்பிங் மாமா · வியாழன், இரவு 9:02

அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம் பூசின கேபிள் சந்தைல பாதி விலைக்குக் கிடைக்கும். சுரண்டினா உள்ள வெள்ளி மாதிரி தெரியும், தூக்கினா பெட்டியே லேசா இருக்கும். குறைஞ்ச தூரத்துக்கு ஆயிரம் லிங்க் அதுலயும் வந்துடும், அதான் ஆபத்து. வெயில்ல மொட்டை மாடி ஓரத்துல ரெண்டு வருஷம் கிடந்தா பிளக்குக்கிட்ட கம்பி நொறுங்கி ஒரு ஜோடி போயிடும். மறுபடியும் 94.

சங்கச் செயலாளர் · வெள்ளி, காலை 7:20

நான் வேறொரு அபார்ட்மென்ட் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம். எங்களுக்கும் இதே அமைப்புதான். இந்த இழையைப் படித்த பிறகு ஒரு கேள்வி: ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஃபைபர் போட 22 வீட்டுச் சுவரிலும் துளை போட வேண்டும் என்கிறார்கள். 300 வேகம் செம்பிலேயே வருகிறது என்றால் அந்தச் செலவு எதற்கு?

கிரிம்பிங் மாமா · வெள்ளி, காலை 8:45

ஐயா, 300 வேகத்துக்காக மட்டும்னா தேவையே இல்ல. நான் ஃபைபர் போடச் சொல்றதுக்குக் காரணம் மின்சாரம். உங்க மாடிப் பெட்டில இருக்கிற ஸ்விட்ச் பொது மீட்டர்ல ஓடுதா? மாசாந்திர ஷட் டவுன் அன்னைக்குக் காலைல ஒம்பது மணிக்கு கரண்ட் போனா, வீட்டுல இன்வெர்ட்டர் ரவுட்டரை எரிய விடும், மாடில ஸ்விட்ச் செத்திருக்கும். 22 வீட்டுக்கும் சாயங்காலம் வரைக்கும் நெட் இல்ல. வீட்டுக்குள்ள ஃபைபர்னா நடுவுல ஒளியைப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் மட்டும்தான், அதுக்குக் கரண்ட்டே வேணாம்.

இன்னொண்ணு சித்திரை வைகாசி இடி. மாடில இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்குற செம்புதான் அதுக்கு வழி. பக்கத்துல ஒரு இடி விழுந்தாலே ஸ்விட்ச்ல ரெண்டு போர்ட், அதுக்கு நேர் கீழ இருக்கிற வீட்டு ரவுட்டர்ல ஒரு போர்ட் போகும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. செலவு வேணாம்னா ஸ்விட்ச்சுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைங்க, பெட்டிக்கு ஒழுங்கா எர்த் அடிங்க. முக்கால்வாசி தொல்லை தீரும்.

மூணாவது மாடி · சனி, இரவு 10:20

திரும்ப வந்துட்டேன், திட்டாதீங்க. ரெண்டு நாளா ராத்திரி ஒம்பதரைக்கு 140-ல இருந்து 200 வரைக்கும் தான் வருது. காலைல 291. இது செம்பா?

வேகமானி · சனி, இரவு 10:31

இது கண்டிப்பா ஷேரிங். மாடில ஒரே வெள்ளைப் பெட்டி, ஒரே வயர், 16 வீடு. தனி ஃபைபர்னா இது வராது.

கிரிம்பிங் மாமா · ஞாயிறு, காலை 6:40

நேரத்துக்கு நேரம் மாறுதுல்ல, அதனால லிங்க் பிரச்சினை இல்ல, நெரிசல்தான். வேகமானி சாரோட முதல் பாதி இந்தத் தடவை சரி. தனி ஃபைபர்னா வராதுங்கிறது நிச்சயமில்ல. ஜிபான் வகை ஃபைபரா இருந்தா ஒரு ஃபைபர்ல வர்ற 2.5 கிகாபிட்டை 32 வீடோ 64 வீடோ ஸ்ப்ளிட்டர்ல பிரிச்சுக்கிறாங்க. இ-பான் போட்டிருந்தா மொத்தமே ஒரு கிகாபிட். பகிர்வு எங்கேயும் உண்டு, எந்த இடத்துல நெருக்குதுங்கிறதுதான் தெரியணும்.

அதுக்கு ஒரு சோதனை இருக்கு. ராத்திரி ஒம்பதரைக்கு வீட்டு ரவுட்டரை அணைச்சுட்டு (ஒரு யூசர் நேமுக்கு ஒரு லாகின்தான் விடுவாங்க) லேப்டாப்போட மாடிக்குப் போய், ஸ்விட்ச்ல காலியா இருக்கிற ஒரு போர்ட்ல நேரா மாட்டி லாகின் பண்ணிப் பாருங்க. அங்கயும் 140-ன்னா உங்க 36 மீட்டர் செம்பு நிரபராதி. அப்புறம் வெள்ளைப் பெட்டில இருந்து ஸ்விட்ச்சுக்குப் போற வயரைப் பிடுங்கி, ரெண்டே நிமிஷம் லேப்டாப்பை அதுல மாட்டுங்க. 290-க்கு ஏறினா நெரிசல் உங்க பில்டிங்குக்குள்ள. அப்பவும் 140-ன்னா கேபிள்காரர் பக்கம், அதை வீட்டுக்கு வீடு ஃபைபர் போட்டாலும் தீர்க்க முடியாது. அந்த ரெண்டு நிமிஷம் 15 வீட்டுலயும் நெட் போகும், முன்னாடியே சொல்லிடுங்க.

மூணாவது மாடி · ஞாயிறு, காலை 9:05

புரியுது மாமா. ஆனா எட்டரைக்கே வாட்ச்மேன் மொட்டை மாடியைப் பூட்டிடுவார், சாவி சங்கத் தலைவர்கிட்ட. அவர் வீட்டு லைனும் அதே ஸ்விட்ச்லதான், ஒம்பதரைக்கு கிரிக்கெட் பாத்துட்டிருப்பார். மேட்ச் இல்லாத ஒரு நாளாப் பாத்துக் கேக்கணும். எப்படியும் வர்ற சனிக்கிழமைக்குள்ள நம்பரோட வர்றேன்.